இறுகிய மூடியும் பிளந்த வாயும்: திருப்பூர் சாய ஆலையில் இரண்டு பேரல்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூருக்கு அருகே உள்ள ஒரு பின்னலாடைச் சாய ஆலையில் ஸ்டோர் பொறுப்பில் இருப்பவன் நான். கடந்த ஏப்ரலில், சாயமும் ரசாயனங்களும் கலக்கும் இடமான எங்கள் கலர் கிச்சனில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பேரலின் திருகுமூடியைத் திறக்கும்போது அதன் வாய் பிளந்துபோனது. அதே நாளில், அதே கைகளால், அதே விதமாக மூடப்பட்ட இன்னொரு பேரல் பக்கத்திலேயே இருந்தது. முதலாவது ஏன் பிளந்தது என்பதைத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்து, அதில் தெரிந்துகொண்டதைக் கொண்டு இரண்டாவதைப் பிளக்காமல் திறந்தோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டும் 200 லிட்டர் கொள்ளும், மேல்தட்டு பேரலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்ட, அடர் பாலிஎத்திலின் பேரல்கள். மேல்தட்டில் எதிரெதிராக இரண்டு வாய்கள் இருக்கும். இரண்டும் 2 அங்குல வாய்கள்தாம். ஆனால் ஒன்றின் மூடிக்கு நடுவில் முக்கால் அங்குலத்தில் இன்னொரு சிறு மூடி பதிந்திருக்கும். மூடி வாய்க்கு உள்ளே திருகி இறங்கும். ஆகவே மரை ஓடுவது கழுத்தின் உட்புறத்தில். மூடியின் தலைக்கும் கழுத்தின் மேல் விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர் வாசர் இருக்கிறது. கசிவைத் தடுப்பது அந்த வாசர்தான், மரை அன்று. இந்த ஒன்றை எங்கள் ஆட்கள் அறிந்திருந்தால் இந்தக் கதையே நேர்ந்திருக்காது.

பேரல்களில் இருந்தது வெட்டிங் ஆயில், அதாவது துணியில் தண்ணீர் சீராக இறங்குவதற்காகச் சேர்க்கும், சோப்பைப் போல நுரைக்கும் திரவம். ஜனவரியில் இரண்டையும் திறந்து பெரும்பகுதியை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60 கிலோ மிச்சமிருந்தது. அதை எங்கள் இன்னொரு யூனிட்டுக்கு டெம்போவில் அனுப்புவதாக இருந்தது. மூடியபோது வாயில் வழிந்த திரவத்தை யாரும் துடைக்கவில்லை. டெம்போவில் சாய்த்துப் பார்த்தபோது ஓரமாகக் கசிந்தது. வாசர் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்ததுதான் காரணம். வாசரைச் சரிசெய்வதற்குப் பதிலாக, மூடியைத் திருகும் சாவியின் கைப்பிடியில் மூன்றடி இரும்புப் பைப்பைச் செருகி, கசிவு நிற்கும்வரை இறுக்கிவிட்டார்கள். பிறகு அந்த யூனிட்டில் வேலை நின்றுபோனதால் பேரல்கள் போகவே இல்லை. மூன்று மாதங்கள், பிற்பகல் வெயில் நேரே விழும் மேற்குச் சுவரோரத்தில் நின்றன.

ஏப்ரலில், ஒரு மதியம் மூன்று மணிக்கு, கிச்சனில் வெட்டிங் ஆயில் தீர்ந்துபோய், முதல் பேரலைத் திறக்கப் போனார்கள். எங்களிடம் இருந்தது இரும்புப் பேரல்களுக்காகப் பல வருடங்களுக்கு முன் வாங்கிய வார்ப்பிரும்புச் சாவி. அதன் பற்களின் முனைகள் தேய்ந்து உருண்டிருந்தன. கைவலுவுக்கு மூடி அசையவில்லை. பேரல் பாதிக்கும் குறைவாகவே நிறைந்திருந்ததால் மூடிக்குப் பதிலாகப் பேரலே தரையில் திரும்பியது. இரண்டு பேர் கயிறு போட்டுப் பேரலைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் பைப்பைச் செருகி இழுத்தார். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கிச்சனில் இருபது வருடம் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், “நிறுத்துங்க தம்பி, அது மூடி திரும்பலீங்க, வாயே திரும்புது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தேங்காய் ஓடு தெறிப்பதுபோல ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கழுத்தின் மேல் விளிம்பிலிருந்து மரைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேல்தட்டு வரை ஒரு விரிசல் இறங்கியிருந்தது. நல்ல வேளையாக உள்ளே இருந்தது அமிலமோ பெராக்சைடோ அன்று. கொஞ்சம் நுரையும் காற்றும்தான் பீய்ச்சின.

பிளந்த இடத்தைச் சிறு ரம்பத்தால் அறுத்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் என் எண்ணம் மாறியது. அதுவரை ‘அளவுக்கு மீறி இழுத்தார்கள், உடைந்தது’ என்றே நினைத்திருந்தேன். ஆனால் அடர் பாலிஎத்திலின் அப்படி ஒரே இழுப்பில் கண்ணாடிபோல உடையும் பொருள் அன்று. புதிய பிளாஸ்டிக்கை இழுத்துக் கிழித்தால் அது முதலில் வெளுக்கும், பிறகு நார் நாராக நீளும், அதன் பின்பே அறும். எங்கள் துண்டில் அந்த வெளுப்பு வெளி ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டுமே இருந்தது. உட்புறத்தில், மரையின் பள்ளத்திலிருந்து தொடங்கி கழுத்தின் கனத்தில் முக்கால் பங்கு வரை, பிளந்த முகம் வழவழப்பாக, காய்ந்த திரவத்தின் பழுப்புக் கறையோடு இருந்தது. அன்றைக்குப் பிளந்த முகத்தில் காய்ந்த கறை இருக்க வழியில்லை. ஆக, விரிசல் வாரக்கணக்கில் உள்ளிருந்து வெளியே ஊர்ந்து வந்திருக்கிறது. எங்கள் பைப்பு அறுத்தது கடைசிக் கால் பங்கைத்தான்.

இதற்கான காரணம் பிளாஸ்டிக் துறையில் பழகிய ஒன்று. பாலிஎத்திலின் இழுவிசையில் இருக்கும்போது அதன்மேல் சோப்புத் தன்மையுள்ள திரவம் படிந்திருந்தால், அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைக்காமலேயே, அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தி, விரிசலை மெதுவாகத் திறந்துகொண்டே போகும். இழுவிசை மட்டும் இருந்தால் வருடக்கணக்கில் தாங்கும். திரவம் மட்டும் இருந்தாலும் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் தாங்காது. பிளாஸ்டிக்கின் இந்தக் குணத்தைச் சோதிக்கும் ஏ.எஸ்.டி.எம். டி 1693 முறையில், கீறல் போட்டு வளைத்த பிளாஸ்டிக் பட்டைகளை 50 டிகிரி செல்சியஸில் அமிழ்த்தி வைப்பதே எங்கள் வெட்டிங் ஆயிலின் இனத்தைச் சேர்ந்த ஒரு திரவத்தில்தான். மேற்குச் சுவரோரத்தில் நாங்கள் மூன்று மாதம் நடத்தியது, தெரியாமலேயே, அந்தச் சோதனையைத்தான்: மரைப் பள்ளங்கள் கீறலாகவும், பைப்பு போட்ட இறுக்கம் வளைவாகவும், சித்திரை வெயில் சூடாகவும் அமைந்துவிட்டன.

இறுக்கம் ஏன் கழுத்தை இழுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூடியின் தலை விளிம்பில் முட்டிய பிறகும் திருகினால், மூடியின் மரை கழுத்தின் மரையை மேல்நோக்கி இழுக்கிறது. மரையின் பக்கங்கள் சாய்வானவை என்பதால் அந்த இழுப்பில் ஒரு பகுதி ஆப்பு அடிப்பதுபோலக் கழுத்தை வெளிப்பக்கம் விரிக்கிறது. விரியும் வளையம் அறுந்தால் செங்குத்தாகத்தான் அறும். எங்கள் விரிசலும் செங்குத்தாகவே இருந்தது.

கணக்கையும் பார்த்துவிடலாம். இந்த வகை 2 அங்குலப் பிளாஸ்டிக் மூடியை இறுக்க ஏறத்தாழ 27 நியூட்டன் மீட்டர் திருகுவிசை போதும்; செய்பவரைப் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும். 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 9 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசைதான் இது. மூன்றடிப் பைப்பின் நுனியை ஓர் ஆள் 25 கிலோ வலுவோடு இழுத்தால் 220 நியூட்டன் மீட்டர் வந்துவிடும், அதாவது எட்டு மடங்கு. இழுப்பவருக்கு அது பெரிய வேலையாகவே தோன்றாது என்பதுதான் பைப்பின் ஆபத்து.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. பாலிஎத்திலின் மூடியை ஒருமுறை இறுக்கி வைத்தால், நாட்கள் போகப்போகப் பிளாஸ்டிக் மெல்ல இளகிக்கொடுப்பதால் இறுக்கம் தானாகக் குறையத்தான் செய்யும். சரியாக மூடிய மூடி, இறுக்கியதைவிடக் குறைந்த விசையில் திறக்க வேண்டும். அப்படித் திறக்கவில்லை என்றால் வேறு ஏதோ பிடித்திருக்கிறது என்று பொருள். அது என்னவென்று பார்க்காமல் விசையைக் கூட்டுவதுதான் முதல் பேரலில் நடந்தது. பேரல் தரையில் திரும்பியதே ஓர் எச்சரிக்கை. 60 கிலோ திரவத்தோடு சிமென்ட் தரையில் நிற்கும் பேரலைத் திருப்ப, என் கணக்குப்படி ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் வேண்டும். அது திரும்பியபோதே மூடிக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தாகிவிட்டது. கயிறு போட்டுப் பிடித்தது, சொன்ன எச்சரிக்கையின் வாயைக் கட்டியதுபோல ஆயிற்று.

முதலாவதில் மிச்சமிருந்ததைக் கைப்பம்பால் வேறு பேரலுக்கு மாற்றினோம். இரண்டாவதைத் தொட இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம்.

முதல் வேலையாக அதை அன்று மாலையே நிழலுக்கு மாற்றினோம். வெயிலில் நிற்கும் பேரலின் மேல்தட்டு லேசாக உப்பியிருக்கும். உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம் கூடினாலே, ஏறத்தாழ 2,500 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மேல்தட்டின்மேல் 250 கிலோ விசை கீழிருந்து தள்ளுகிறது. வாய் தட்டின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பதால், தட்டு உப்பும்போது கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகிறது. நீள்வட்டக் கழுத்துக்குள் வட்ட மூடி திரும்ப மறுப்பது இயல்புதானே. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது தட்டு சமமாகி, ஒரு நூல் அளவு உள்வாங்கிக்கூட இருந்தது.

அடுத்து, பெரிய மூடியைத் தொடாமல், எதிர்ப்பக்க மூடியின் நடுவிலுள்ள முக்கால் அங்குலச் சிறு மூடியை, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கால் சுற்றுத் திருப்பி நிறுத்தினோம். ‘சுர்’ என்று காற்று உள்ளே போனது. மதியமாக இருந்தால் வெளியே வந்திருக்கும். எந்தப் பக்கம் போனாலும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்த பின்பே முழுதும் எடுக்க வேண்டும்.

பிறகு பெரிய மூடியின் குழிக்குள் பார்த்தோம். சாவியின் பற்கள் உட்காரவேண்டிய கட்டைகளின் ஓரங்களில் வெட்டிங் ஆயிலும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து காய்ந்து, பனங்கருப்பட்டிபோல இறுகிக் கிடந்தன. சாவியை வைத்து அளந்தபோது பல் 4 மில்லிமீட்டர்தான் இறங்கியது. குழியின் ஆழமோ அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். முதல் பேரலில் சாவி வழுக்கி, அதன் உடல் விளிம்பின்மேல் சாய்ந்து கடப்பாரைபோல நெம்பியதற்கான தழும்பு ஏன் இருந்தது என்பது இப்போது விளங்கியது. மரக்குச்சியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் குழியைச் சுத்தம் செய்தோம். பல் தேய்ந்த சாவியை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் மூடிகளுக்கென்றே விற்கும், பற்கள் அகலமாக இருக்கும் சாவி ஒன்றைக் கோவையிலிருந்து வாங்கி வந்திருந்தோம். அது ஆட்டமில்லாமல் அடிவரை உட்கார்ந்தது. ஆட்டம் இருந்தால் அந்தச் சாவி அந்த மூடிக்கு உரியது அன்று. எரியும் கரைப்பான்கள் உள்ள இடத்தில் தீப்பொறி எழாத வெண்கலக் கலவைச் சாவியே வேண்டும் என்பதும் தனி.

இழுப்பதற்கு முன், கைப்பிடியின் நுனியில் பஞ்சு மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டினோம். இது பெரியவரின் யோசனை. கைப்பிடிக்குச் செங்குத்தாகத் தராசைப் பிடித்து இழுத்தால் எத்தனை கிலோவில் மூடி அசைகிறது என்பது தெரிந்துவிடும். திருகுவிசை காட்டும் விலையுயர்ந்த ஸ்பேனர் தேவையில்லை. 20 கிலோவைத் தாண்டுவதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டோம். 30 சென்டிமீட்டர் கைப்பிடியில் அது ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர். முதல் முயற்சியில் 20 கிலோ வந்தும் மூடி அசையவில்லை. நிறுத்திவிட்டோம்.

மரையில் காய்ந்த திரவம்தான் பிடித்திருந்தது. அது தண்ணீரில் கரையக்கூடியது. கழுத்தைச் சுற்றிப் பனியன் துணிக் கிழிசலை வளையமாக வைத்து, கை பொறுக்காத அளவு சூட்டில், சுமார் 60 டிகிரியில், வெந்நீரை அதன்மேல் சிறிது சிறிதாக ஊற்றினோம். அதே நேரத்தில் மூடியின் குழிக்குள் ஐஸ் தண்ணீர் நனைத்த துணியை வைத்தோம். கழுத்தும் மூடியும் ஒரே பிளாஸ்டிக் என்பதால் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்தே விரியும், பயனில்லை. வேறுபாடு வேண்டும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள கழுத்து, மூடியைவிட 25 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், அதன் வாய் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அதிகம் விரியும். மூன்று தலைமுடியின் கனம்தான், ஆனால் காய்ந்த பிசினுக்கு அதுவே போதும். கால் மணி நேரம் ஊற விட்டோம்.

இந்த இடத்தில் இளைஞர் ஒருவர், “ஏனுங்கண்ணா, கொஞ்சம் சோப்புத் தண்ணி உட்டா வழுக்கிட்டு வந்துருமுங்களே?” என்று கேட்டார். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்; முதல் பேரலைப் பார்த்திராவிட்டால் நானும் விட்டிருப்பேன். இறுகி நிற்கும் பாலிஎத்திலின் கழுத்துக்குச் சோப்புத் தண்ணீர் விடுவது, இருக்கிற விரிசலுக்கு வழி காட்டுவதாகும். எண்ணெய்களும் பல வேளைகளில் அதே வேலையைச் செய்யும். வெறும் வெந்நீர் மட்டும் போதும். அதுகூட உள்ளே இருப்பது தண்ணீரோடு சேரக்கூடியது என்று உறுதியாகத் தெரிந்தால்தான். கந்தக அமிலப் பேரலின் வாயில் தண்ணீர் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. பெராக்சைடு பேரலைச் சூடாக்கவே கூடாது. அவற்றில் மூடி இறுகினால் சப்ளையரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். அடுப்புத் தீயையோ வெல்டிங் டார்ச்சையோ எந்தப் பேரலிடமும் கொண்டுபோகக் கூடாது.

திரும்பவும் சாவியை வைத்தோம். பெரியவர் இடது உள்ளங்கையை மூடியின் நடுவுக்கு நேர்மேலே, சாவித் தலையின்மீது வைத்துத் தன் உடல் எடையைச் சாய்த்து அழுத்தினார். சாவி எழும்பாமலும் விளிம்பின்மேல் சாயாமலும் இருக்க அது ஒன்றே வழி. நான் தராசை இழுத்தேன். வெட்டி வெட்டி இழுக்காமல், 15 கிலோவில் நிறுத்திப் பத்து எண்ணும்வரை பிடித்திருக்க நினைத்தேன். பாலிஎத்திலின் அடியைவிடப் பொறுமைக்கே இளகிக்கொடுக்கும் பொருள். சாவியைச் சுத்தியலால் தட்டினால் அது இரும்பைப்போல விறைத்துக்கொள்ளும். எட்டு எண்ணும்போது முள் 15-லிருந்து 12-க்கு நழுவியது, மூடி ஒரு விரற்கடை திரும்பியிருந்தது. அங்கேயே நிறுத்தி, திறந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் தொடர்ந்தபோது 7 கிலோவில் திரும்பியது. அரைச் சுற்றுக்குப் பிறகு கையாலேயே வந்துவிட்டது.

மூடி வந்ததும் கழுத்தைத் துடைத்து, உட்புறமாகச் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். நீலப் பிளாஸ்டிக்கில் மேலிருந்து இரண்டாவது மரையின் பள்ளத்தில், எதிரெதிரே இரண்டு இடங்களில், நகத்தால் கீறியதுபோல மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. நகத்தை ஓட்டினால் ஒன்று தட்டுப்பட்டது. முதல் பேரலின் விரிசலும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே, பிளக்காமல் திறந்துவிட்டோம் என்று பெருமைப்பட அதிகம் இல்லை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் எந்தச் சாவியும் அதைக் காப்பாற்றியிருக்காது. திரவத்தை எடுத்துவிட்டு அந்தப் பேரலையும் கழித்துவிட்டோம். தோட்டத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஆலைப் பேரல்கள் அப்படித்தான் மாட்டுத்தொட்டிகளாகிவிடுகின்றன.

மூடும் விதத்தை இப்போது மாற்றியிருக்கிறோம். மரையையும் வாசரையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, வாசர் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்த்து, கையால் முடியும்வரை திருகி, பிறகு கொக்கித் தராசில் 9 கிலோ வரும்வரை மட்டும் சாவியால் இறுக்குகிறோம். அதற்குப் பிறகும் கசிந்தால் வாசரை மாற்றுகிறோம். பைப்பைப் பாய்லர் பகுதிக்குக் கொடுத்தாயிற்று.